ஆண்டறிக்கையைச் சுருக்கும்போது எண் தவறினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஆண்டறிக்கையில் 1,254 என்று ஒரு எண் இருக்கிறது. அது மில்லியனா ஆயிரமா என்பது பக்கத்தின் உச்சியில் சின்ன எழுத்தில் இருக்கும். எந்த ஆண்டுக்கானது என்பது நெடுவரிசையின் தலைப்பில் இருக்கும். எதையெல்லாம் சேர்த்தார்கள், எதை விலக்கினார்கள் என்பது நாற்பது பக்கம் தள்ளி ஒரு குறிப்பில் இருக்கும். சுருக்குகிறவர் 1,254ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார். மற்றதெல்லாம் அங்கேயே தங்கிவிடுகிறது. நான் திருத்திய சுருக்கங்களில் இலக்கம் தப்பாக இருந்ததைவிட, இலக்கம் சரியாக இருந்தும் அதன் துணைச்செய்தி கழன்றுபோயிருந்ததுதான் அதிகம்.

அதனால் இங்கே ஒரு சின்ன அறிக்கையை எடுத்து, அதிலிருந்து தயாரான தவறான சுருக்கத்தைப் படித்து, ஒவ்வோர் அறிகுறியாகப் பார்த்துக்கொண்டு போவோம். நிறுவனமும் எண்களும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. பிழைகள் மட்டும் அடிக்கடி கண்ணில் படுபவை.

மூல அறிக்கை

மார்ச் 31 அன்று முடிந்த ஆண்டுக்கான ஒருங்கிணைந்த லாப நஷ்டக் கணக்கு. மில்லியன் டாலரில், பங்கு ஒன்றுக்கான தொகை நீங்கலாக.

| | குறிப்பு | 2025 | 2024 (மாற்றியமைத்தது) |
|---|---|---|---|
| வருவாய் | 4 | 1,254 | 1,246 |
| செயல்பாட்டு லாபம் | | 163 | 150 |
| நிதிச் செலவு | 7 | (21) | (20) |
| வரி | 8 | (34) | (31) |
| தொடரும் தொழில்களின் லாபம் | | 108 | 99 |
| நிறுத்திய தொழில் | 11 | (31) | 6 |
| ஆண்டு லாபம் | | 77 | 105 |
| அதில் தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்கு உரியது | | 72 | 98 |
| பங்கு ஒன்றுக்கு லாபம் | 12 | 0.36 | 0.49 |

அறிக்கையின் மற்ற பக்கங்களில் இன்னும் சில செய்திகள் உள்ளன. இரண்டு ஆண்டிலும் பங்குகளின் எண்ணிக்கை 200 மில்லியன். தலைவரின் கடிதம், வருவாய் 1.2 பில்லியனிலிருந்து 1.3 பில்லியனாக வளர்ந்தது என்கிறது. நிகரக் கடன் 2025 மார்ச் 31 அன்று 412 மில்லியன். நிறுத்திய தொழிலின் விற்பனை ஏப்ரல் 28 அன்று முடிந்து 90 மில்லியன் ரொக்கம் வந்தது. பங்குக்கு 0.12 டாலர் ஈவுத்தொகையை இயக்குநர் குழு மே 12 அன்று பரிந்துரைத்தது. பொதுக்கூட்டம் ஜூலை 17 அன்று.

இதைச் சுருக்கி ஜூன் மாதம் ஒருவர் எழுதியது இது:

> நிறுவனத்தின் வருவாய் 8.3% உயர்ந்து 1,254 கோடி டாலரானது. செயல்பாட்டு லாப விகிதம் 1% கூடியது. நிறுத்திய தொழில் 31 மில்லியன் ஈட்டியது. ஆண்டு லாபம் 77 மில்லியன், அதாவது பங்குக்கு 0.36 டாலர். பங்குக்கு 0.12 டாலர் ஈவுத்தொகை வழங்கியது. தற்போதைய நிகரக் கடன் 412 மில்லியன்.

படிக்க எந்த நெருடலும் இல்லை. ஆனால் ஆறு வாக்கியங்களிலும் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது.

அறிகுறி: எண் பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறது

"1,254 கோடி" என்பதைப் பாருங்கள். 1,254 மில்லியன் என்றால் 125.4 கோடி. மில்லியனைக் கோடியாக்க 10ஆல் வகுக்க வேண்டும், பில்லியனைக் கோடியாக்க 100ஆல் பெருக்க வேண்டும். இங்கே இலக்கங்கள் அப்படியே இருக்க, அலகின் பெயர் மட்டும் மாறிவிட்டது. தமிழில் எழுதும்போது கை தானாகவே கோடிக்குப் போகும், அதுதான் காரணம். ஒரே பத்தியில் ஓர் எண் கோடியிலும் மற்றவை மில்லியனிலும் இருப்பதைக் கண்டால், அந்த ஓர் எண்ணை முதலில் சந்தேகியுங்கள்.

என் பரிந்துரை: வாசகருக்குத் தேவை என்றால் ஒழிய அலகை மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமானால் சுருக்கம் முழுக்க முடிந்த பிறகு, எல்லா எண்களையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பாதி எழுதும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று என்று மாற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். நாணயத்தை மாற்றுவது இதைவிட ஆபத்து. ஆண்டு முழுவதும் சேர்ந்த வருவாய்க்கு ஒரு மாற்று விகிதமும் கடைசி நாளின் கடனுக்கு வேறொரு விகிதமும் பொருந்தும். அறிக்கை எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதிலேயே விட்டுவிடுவது நல்லது.

தலைப்பில் உள்ள "நீங்கலாக" என்ற சொல்லையும் கவனியுங்கள். மில்லியன் என்பது எல்லா வரிக்கும் பொருந்தும், பங்குக்கான தொகைக்குப் பொருந்தாது. 0.36 என்பது முப்பத்தாறு காசு மதிப்புள்ள வெறும் டாலர் தொகை. அதேபோல, முன்பக்கத்து அறிக்கைகள் மில்லியனில் இருக்க, பின்னால் வரும் குறிப்புகளில் சில அட்டவணைகள் ஆயிரத்தில் இருக்கும். இயக்குநர்களின் ஊதிய அட்டவணை பெரும்பாலும் அப்படித்தான். எந்த அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்தாலும் அந்த அட்டவணையின் தலைப்பையே படிக்க வேண்டும், பக்கத்து அட்டவணையின் தலைப்பை நம்பக் கூடாது.

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது வரும் ஒரு பிழை தனி ரகம். குறிப்பு எண்ணுக்கான நெடுவரிசை வருவாய் எண்ணோடு ஒட்டிக்கொண்டு 4ம் 1,254ம் சேர்ந்து 41,254 ஆகிவிடும். எண்ணின் மேல் சின்னதாக இருக்கும் அடிக்குறிப்பு இலக்கமும் இப்படி ஒட்டும், 77 என்பது 771 ஆகும். எண்ணில் திடீரென்று ஓர் இலக்கம் கூடியிருந்தால், அந்த இலக்கம் குறிப்பு எண்ணாக இருக்கிறதா என்று மூலத்தில் பாருங்கள்.

இன்னொன்று: சில ஐரோப்பிய மொழி அறிக்கைகளில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும். ஜெர்மன் அறிக்கையில் 1.254 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பத்து நான்கு. அங்கே பில்லியன் போலவே ஒலிக்கும் சொல்லுக்கு லட்சம் கோடி என்று பொருள், நூறு கோடிக்கு வேறு சொல் உண்டு.

சரி, அலகு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அறிக்கைக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்கு உரிய லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பங்குக்கான லாபம் வர வேண்டும். 72 மில்லியனை 200 மில்லியனால் வகுத்தால் 0.36 வருகிறது. லாபத்திலோ பங்கு எண்ணிக்கையிலோ அலகு நழுவியிருந்தால் இந்த விடை பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ விலகி நிற்கும். ஆண்டு நடுவில் புதுப் பங்குகள் வந்திருந்தால் ஆண்டின் சராசரி எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அந்த எண் பங்குக்கான லாபத்தின் குறிப்பிலேயே இருக்கும்.

அறிகுறி: பங்குக்கான லாபம் சுருக்கத்தில் உள்ள லாபத்தோடு ஒத்துப்போகவில்லை

இப்போது அதே சோதனையைத் தவறான சுருக்கத்தில் போட்டுப் பாருங்கள். "ஆண்டு லாபம் 77 மில்லியன், அதாவது பங்குக்கு 0.36" என்கிறது. 77ஐ 200ஆல் வகுத்தால் 0.385, அதாவது 0.39. அலகுப் பிழை இல்லை, ஆனாலும் ஒத்துவரவில்லை. காரணம், 77க்குள் துணை நிறுவனங்களின் வெளிப் பங்குதாரர்களுக்குச் சேர வேண்டிய 5 மில்லியனும் இருக்கிறது. 0.36 என்பது 72இலிருந்து வந்தது.

இந்த அறிக்கையில் லாபம் என்று சொல்லத்தக்க எண்கள் நான்கு உள்ளன: 163, 108, 77, 72. நான்கும் உண்மை. சுருக்கும்போது எல்லாமே "லாபம்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுவதுதான் சிக்கல். எந்த லாபம் என்பதை மூலத்தில் உள்ள பெயராலேயே எழுதுங்கள், "அதாவது" என்று இரண்டை முடிச்சுப் போடாதீர்கள். ஒருங்கிணைந்த கணக்கா, தனித்த கணக்கா என்பதும் இதே வகைக் கேள்விதான். இரண்டுமே ஒரே ஆண்டறிக்கையில் அடுத்தடுத்து இருந்தால், பக்கம் புரட்டும்போது மாறிப்போவது மிக எளிது.

அறிகுறி: நஷ்டம் லாபமாகிவிட்டது, அல்லது கூட்டுத்தொகை எக்கச்சக்கமாக விலகுகிறது

"நிறுத்திய தொழில் 31 மில்லியன் ஈட்டியது." மூலத்தில் (31) என்று இருந்தது. நிதி அறிக்கைகளில் அடைப்புக்குறி என்பது கழித்தல் குறி. நகலெடுக்கும்போது அது உதிர்ந்துவிட்டது.

இந்தப் பிழையைப் பிடிக்கக் கணக்குப்பிள்ளைகளின் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. மூலத்தில் உள்ள தொடரும் தொழில்களின் லாபத்தோடு சுருக்கத்தில் உள்ள எண்ணைக் கூட்டிப் பாருங்கள்: 108, அதோடு 31, மொத்தம் 139. ஆனால் ஆண்டு லாபம் 77. வித்தியாசம் 62. இந்த வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள், 31 வருகிறது. அந்தப் பாதி எண் பட்டியலில் எங்காவது இருந்தால், அநேகமாக அதன் குறிதான் மாறியிருக்கிறது. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் வேறு கதை: இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 163 என்பதை 136 என்று தட்டியிருந்தால் வித்தியாசம் 27, அது 9இன் மடங்கு. இரண்டு உத்தியும் தேட வேண்டிய இடத்தைத்தான் காட்டும். முடிவாக மூலத்தைப் பார்த்தே திருத்த வேண்டும்.

எக்செல் போன்ற விரிதாளில் (31) என்று தட்டினால் அது -31 ஆகச் சேமிக்கப்படும். ஆனால் வேறொரு கோப்பிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத சிறப்பு இடைவெளி ஒன்று கூடவே வந்துவிட்டால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடலாம், அப்போது `SUM` அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வேறு ஒழுங்கு கொடுக்காதபோது எக்செல் எழுத்தை இடப்பக்கமும் எண்ணை வலப்பக்கமும் வைக்கும்.

வாக்கியமாக எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். "(31) நஷ்டம்" என்றோ "-31 நஷ்டம்" என்றோ எழுதினால் இரண்டு தடவை கழித்ததாகிறது. "31 மில்லியன் நஷ்டம்" போதும். அதேபோல நிதிச் செலவு (21) என்றிருப்பதைப் பார்த்து "செலவு எதிர்மறையானது" என்று எழுதிவிடக் கூடாது. அது கழிக்கப்படும் தொகை என்பதைக் காட்டும் வழக்கம், அவ்வளவுதான். சில நிறுவனங்கள் செலவுகளை அடைப்புக்குறி இல்லாமலே எழுதும். எந்த வழக்கம் என்பது மொத்தத்தை ஒரு தடவை கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறிகுறி: வளர்ச்சிச் சதவீதம் மூல எண்களோடு பொருந்தவில்லை

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான், ஏனென்றால் ஒரே அறிகுறிக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் காரணம், ஏற்கெனவே முழுமையாக்கிய எண்ணிலிருந்து கணக்குப் போடுவது. சுருக்கத்தில் உள்ள 8.3% எங்கிருந்து வந்தது? தலைவரின் கடிதத்தில் உள்ள 1.2, 1.3 பில்லியனிலிருந்து.

```
=1.3/1.2-1      8.3%
=1254/1246-1    0.6%
```

1,246 என்பதை ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் 1.2, 1,254 என்பதை முழுமையாக்கினால் 1.3. கடிதத்தில் உள்ள எண்கள் பொய்யில்லை. ஆனால் உண்மையில் கூடியது 8 மில்லியன்தான், முழுமையாக்கல் அதை 100 மில்லியனாகக் காட்டுகிறது. சதவீதத்தை எப்போதும் அறிக்கையில் கிடைக்கும் மிக நுட்பமான எண்ணிலிருந்து கணக்கிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை முழுமையாக்குங்கள். அப்புறம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "வருவாய் 1.2 பில்லியனிலிருந்து 1.3 பில்லியனாக, 0.6 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் அதுவும் வாசகரைக் குழப்பும். சதவீதத்தைச் சொல்லும் இடத்தில், அது விளங்கும் அளவுக்கு இலக்கங்களும் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், மாற்றியமைத்த எண். சென்ற ஆண்டு வெளியான அறிக்கையில் 2024இன் வருவாய் 1,390 மில்லியன் என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு அறிக்கையில் அதே 2024க்கு 1,246 என்று இருக்கிறது. ஒருவர் பழைய கோப்பிலிருந்து 1,390ஐ எடுத்து ஒப்பிட்டால் "வருவாய் 9.8 சதவீதம் சரிந்தது" என்று எழுதுவார். அப்படி ஒரு சரிவு நடக்கவில்லை. ஒரு தொழிலை விற்க முடிவு செய்ததால், அதன் வருவாயை இரண்டு ஆண்டுகளிலிருந்தும் எடுத்துத் தனி வரியில் வைத்திருக்கிறார்கள். பழைய 1,390இல் அந்தத் தொழில் இருக்கிறது, புதிய 1,254இல் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி: பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, 2024இன் கடைசி வரி லாபத்தைப் பாருங்கள். இரண்டிலும் 105 என்றே இருந்து, மேலே வருவாய் மட்டும் மாறியிருந்தால், நிறுத்திய தொழிலைப் பிரித்திருக்கிறார்கள், அல்லது வரிகளை இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். 105ஏ மாறியிருந்தால் விஷயம் பெரிது: முந்தைய ஆண்டின் பிழையைத் திருத்தியிருக்கலாம், கணக்குக் கொள்கையை மாற்றியிருக்கலாம். அதைச் சுருக்கத்தில் ஒரு வரியாவது சொல்லியே ஆக வேண்டும். இங்கே ஒரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை. சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை 5இன்படி, நிறுத்திய தொழிலுக்காக லாப நஷ்டக் கணக்கின் முந்தைய ஆண்டு எண்கள் மாற்றியமைக்கப்படும், இருப்புநிலை அறிக்கையின் முந்தைய ஆண்டு எண்கள் மாற்றப்படுவதில்லை. ஆகவே வருவாயைச் சொத்தோடு ஒப்பிட்டு நீங்களே 2024க்கு ஒரு விகிதம் போட்டால், மேலே ஒரு தொழில் விலகியிருக்கும், கீழே அதே தொழில் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது காரணம், சதவீதமும் சதவீதப் புள்ளியும் கலந்துபோவது. செயல்பாட்டு லாப விகிதம் 2024இல் 12.0 சதவீதம், 2025இல் 13.0 சதவீதம். கூடியது 1.0 சதவீதப் புள்ளி. "1% கூடியது" என்று எழுதினால், 12.0 என்பது 12.12 ஆனது என்றும் ஒருவர் படிக்கலாம். அப்படிப் படிப்பவர் மேல் தப்பில்லை. விகிதத்தையே சதவீதமாக ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 8 சதவீத உயர்வு. இரண்டு முனை எண்களையும் தந்துவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை: "12.0 சதவீதத்திலிருந்து 13.0 சதவீதமானது."

சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்குதான் பேசிஸ் பாயிண்ட். 1.0 சதவீதப் புள்ளி என்பதை 100 பேசிஸ் பாயிண்ட் என்று மாற்றி எழுதத் தோன்றும். செய்யாதீர்கள். முழு இலக்கங்களோடு கணக்கிட்டால் வித்தியாசம் 96 பேசிஸ் பாயிண்ட் வருகிறது. அந்த 96ஐயும் நம்ப முடியாது. 163 என்பது 162.5 முதல் 163.5 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். அந்த அரை மில்லியன் மட்டுமே விகிதத்தை 4 பேசிஸ் பாயிண்ட் அசைக்கும். முழு மில்லியனில் தந்த எண்ணிலிருந்து அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. அறிக்கையே பேசிஸ் பாயிண்டில் சொல்லியிருந்தால் அதை அப்படியே எடுத்தாளுங்கள்.

இந்த அலகில் ஒரு பூஜ்யம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பிப்ரவரியில் நடந்தது ஒன்று போதும். செயலி வழியாக வாடகைக் கார் சேவை தரும் அமெரிக்க நிறுவனமான லிஃப்ட் தன் காலாண்டு முடிவு அறிவிப்பில், 2024இல் லாப விகிதம் 500 பேசிஸ் பாயிண்ட் கூடும் என்று வெளியிட்டது. சரியான எண் 50. சந்தை நேரத்துக்குப் பிந்தைய வர்த்தகத்தில் பங்கு விலை 60 சதவீதத்துக்கும் மேல் எகிறியது, திருத்தம் வந்ததும் ஏறியதில் பெரும்பகுதி இறங்கிவிட்டது. 500 பேசிஸ் பாயிண்ட் என்பதைப் பக்கத்திலேயே "அதாவது 5 சதவீதப் புள்ளி" என்று சொல்லிப் பார்த்தால், இவ்வளவு ஒரே ஆண்டிலா என்ற கேள்வி எழும். எழுதி முடித்த பேசிஸ் பாயிண்டை மனதுக்குள் ஒரு தடவை சதவீதப் புள்ளியாக்கிப் பார்க்கும் பழக்கத்தை நான் விடுவதே இல்லை.

அறிகுறி: கூட்டினால் ஒன்று இடிக்கிறது

குறிப்பு 4இல் மூன்று பிரிவுகளின் வருவாய் 523, 418, 314 என்று இருக்கிறது. கூட்டினால் 1,255. அறிக்கையில் 1,254. பதறி ஒன்றைக் குறைத்துவிடாதீர்கள். உண்மை எண்கள் 522.6, 417.7, 313.6 என்றால் மொத்தம் 1,253.9. ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமையாக்கியதில் வந்த வித்தியாசம் இது, பிழையே அல்ல. சுருக்கத்திலும் அப்படியே விட்டு, "முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை சற்று மாறலாம்" என்று ஒரு வரி போடுங்கள்.

எவ்வளவு வரை பொறுக்கலாம்? வரிகளின் எண்ணிக்கையில் பாதி. மூன்று வரிக்கு 1, ஆறு வரிக்கு 3. அதற்கு மேல் போனால் முழுமையாக்கல் காரணமாக இருக்க வாய்ப்பில்லை, மேலே சொன்ன பாதியாக்கும் சோதனையையும் 9இன் சோதனையையும் போட வேண்டியதுதான்.

அறிகுறி: நடக்காதது நடந்ததாகவும், பழையது புதியதாகவும் படிகிறது

தேதிப் பிழை என்றால் தேதியைத் தப்பாக எழுதுவது என்று நினைப்போம். சுருக்கத்தில் வருவது பெரும்பாலும் தேதியே இல்லாமல் போவதுதான்.

வருவாய், லாபம் போன்றவை ஒரு காலம் முழுவதும் சேர்ந்தவை. கடன், ரொக்கம், சொத்து போன்றவை ஒரு நாளின் நிலவரம். முதல் வகைக்கு "2025 மார்ச் 31 அன்று முடிந்த ஆண்டில்" என்றும், இரண்டாம் வகைக்கு "2025 மார்ச் 31 அன்று" என்றும் எழுத வேண்டும். "தற்போதைய நிகரக் கடன் 412" என்று ஜூன் மாதம் எழுதுவது தவறு, ஏனென்றால் ஏப்ரல் 28 அன்றே 90 மில்லியன் வந்துவிட்டது. ஆனால் 412இலிருந்து 90ஐக் கழித்து "கடன் 322" என்று எழுதினால் அது இன்னும் மோசம். நடுவில் வேறென்ன பணம் வந்தது, போனது என்று நமக்குத் தெரியாது. அறிக்கையில் இல்லாத ஓர் எண்ணை நாம் உருவாக்கக் கூடாது. இரண்டு செய்தியையும் அதனதன் தேதியோடு தனித்தனியே சொல்வதுதான் வழி.

ஈவுத்தொகையிலும் இதேதான். மே 12 அன்று நடந்தது பரிந்துரை. ஜூலை 17 அன்று பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வழங்கப்படும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 10இன்படி, ஆண்டு முடிந்த பிறகு அறிவிக்கப்படும் ஈவுத்தொகை அந்த ஆண்டுக் கடைசியில் கடன்பாடாகக்கூடப் பதிவாகாது. ரொக்க ஓட்ட அறிக்கையில் "வழங்கிய ஈவுத்தொகை" என்று ஒரு தொகை இருந்தால், அது அநேகமாக முந்தைய ஆண்டுக்காக அறிவித்தது. பரிந்துரைத்தது, அறிவித்தது, வழங்கியது மூன்றும் மூன்று வினைச்சொற்கள். சுருக்கும்போது வினைச்சொல்லை மாற்றினால் தேதியும் மாறிவிடுகிறது.

"2025 நிதியாண்டு" என்ற பெயரையும் தனியாக நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்துக்கு அது 2025 மார்ச்சில் முடியும், இன்னொன்றுக்கு டிசம்பரில் முடியும். சில நிறுவனங்கள் ஆண்டை வாரக் கணக்கில் முடிப்பதால் ஓர் ஆண்டு 52 வாரமும் இன்னோர் ஆண்டு 53 வாரமும் வரும். அந்த 53ஆவது வாரத்தைச் சொல்லாமல் வளர்ச்சியைச் சொல்வது சரியல்ல. 03/04/2025 போன்ற தேதிகளில் மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால், மார்ச்சா ஏப்ரலா என்ற கேள்வி வராது.

சுருக்கத் தொடங்கும் முன்

ஒரு விரிதாளைத் திறந்து, சுருக்கத்தில் வரப்போகும் எண்களை மட்டும் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே மூலத்தில் உள்ள பெயர், குறி, அலகும் நாணயமும், தேதி அல்லது காலம், ஒருங்கிணைந்ததா தனித்ததா, பக்க எண். இவை எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டியதில்லை. நாணயம், முழுமையாக்கிய அளவு, காலம், தனி நிறுவனமா குழுமமா ஆகியவற்றை அறிக்கையில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று சர்வதேசக் கணக்கியல் தரநிலை 1இன் 51ஆவது பத்தி கேட்கிறது. ஆகவே அந்தத் தரநிலையைப் பின்பற்றும் எந்த அறிக்கையிலும் இவை பக்கத் தலைப்பிலோ நெடுவரிசைத் தலைப்பிலோ இருக்கும்.

எழுதி முடித்த பிறகு சரிபார்ப்பது சுருக்கத்திலிருந்து மூலத்துக்கு. சுருக்கத்தில் ஓர் எண்ணைத் தொடுங்கள், அதன் பக்கத்தைத் திறவுங்கள், தலைப்பை முதலில் படியுங்கள், எண்ணைப் பிறகு படியுங்கள். விரிதாளை வைத்துச் சரிபார்த்தால் விரிதாளில் ஏறிய பிழை அப்படியே தப்பித்துவிடும்.

அப்படித் திருத்திய சுருக்கம் இது:

> ஒருங்கிணைந்த கணக்கு, 2025 மார்ச் 31 அன்று முடிந்த ஆண்டு. தொகைகள் மில்லியன் டாலரில், பங்கு ஒன்றுக்கான தொகை நீங்கலாக. தொடரும் தொழில்களின் வருவாய் 1,246இலிருந்து 1,254 ஆக, 0.6 சதவீதம் உயர்ந்தது. 2024இன் எண், நிறுத்திய தொழிலை விலக்கி நிறுவனம் மாற்றியமைத்தது. செயல்பாட்டு லாப விகிதம் 12.0 சதவீதத்திலிருந்து 13.0 சதவீதமானது. நிறுத்திய தொழிலில் 31 நஷ்டம், முந்தைய ஆண்டில் 6 லாபம். ஆண்டு லாபம் 105இலிருந்து 77 ஆகக் குறைந்தது. அதில் தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்கு உரியது 72, பங்கு ஒன்றுக்கு 0.36 டாலர். பங்கு ஒன்றுக்கு 0.12 டாலர் ஈவுத்தொகையை இயக்குநர் குழு 2025 மே 12 அன்று பரிந்துரைத்தது. ஜூலை 17 பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் தேவை. நிகரக் கடன் 2025 மார்ச் 31 அன்று 412. ஏப்ரல் 28 அன்று விற்பனையில் வந்த 90 இதில் சேரவில்லை.

பழையதைவிட இது இரண்டு மடங்குக்கு மேல் நீளம். இடம் போதாது என்றால் ஈவுத்தொகை வாக்கியங்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், கடன் வாக்கியங்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். "பரிந்துரைத்தது", "மார்ச் 31 அன்று", "மாற்றியமைத்தது" என்ற சொற்களை மட்டும் கிள்ளி எடுத்து இடம் பிடித்தால், மறுபடியும் அந்த ஜூன் மாதச் சுருக்கத்துக்கே திரும்பிவிடுவோம்.